ஒரு பிடி கீரையின் கணக்கு

மஞ்சளான உள்ளங்கை

பத்து மாதக் குழந்தைக்குக் காலையில் கேரட் மசியல், மதியம் பருப்புச் சாதத்தோடு பரங்கிக்காய், மாலையில் பப்பாளி. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். குழந்தை துப்பாமல் சாப்பிடுகிறது. இரண்டு மாதம் கழித்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பாட்டியின் கண்ணில் படுகிறது: குழந்தையின் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சள். மூக்கைச் சுற்றியும் லேசாக மஞ்சள். உடனே மஞ்சள் காமாலைப் பயம் வருகிறது. பக்கத்து வீட்டிலிருந்து கீழாநெல்லி வருகிறது. அப்புறம்தான் டாக்டரிடம் ஓடுகிறார்கள்.

டாக்டர் கையை அதிகம் பார்ப்பதில்லை. குழந்தையின் கண் இமையை இழுத்து விழியின் வெள்ளைப் பகுதியைப் பார்க்கிறார். சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது, மலம் வெளுத்திருக்கிறதா என்று கேட்கிறார். பிறகு, “சாப்பிட என்ன கொடுக்கிறீர்கள்?” என்கிறார். பதிலைக் கேட்டதும் சிரித்துவிட்டு, கேரட்டைக் கொஞ்ச நாளுக்குக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார். காமாலை என்றால் கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகியிருக்கும். இந்தக் குழந்தைக்கு அது பால்போல வெள்ளையாக இருக்கிறது. உடம்பில் ஏறியிருப்பது கேரட்டின் நிறம். சில வாரங்களில் தானாக இறங்கிவிடும்.

கேரட் சாப்பிட்டால் கண்ணுக்கு நல்லது, அதில் வைட்டமின் ஏ இருக்கிறது என்று பள்ளிப் புத்தகம் சொல்கிறது. வைட்டமின் ஏ அளவுக்கு மீறினால் உடம்புக்கு விஷம் என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் கை மஞ்சளாகும் அளவுக்குக் கேரட் தின்ற குழந்தைக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? சாப்பிட்டதெல்லாம் வைட்டமினாக மாறியிருந்தால், நிறம் தோலில் மிச்சமிருப்பது எப்படி? இன்னொரு கேள்வியும் உண்டு. கொல்லையில் முருங்கை மரம் நிற்கும் ஊர்களிலேயே ஒரு காலத்தில் குழந்தைகளுக்கு மாலைக்கண் வந்தது ஏன்?

எல்லாவற்றுக்கும் விடை ஒரே பாதையில் இருக்கிறது. காய்கறியில் உள்ள ஆரஞ்சு நிறம் தட்டிலிருந்து குடலுக்கும், குடலிலிருந்து கல்லீரலுக்கும், அங்கிருந்து கண்ணுக்கும் தோலுக்கும் போகிற பாதை அது. வழியில் நிறைய இழப்பு.

எண்ணெயில் இறங்கும் நிறம்

பீட்ரூட்டை வேகவைத்தால் தண்ணீர் ரத்தச் சிவப்பாகிறது. கேரட்டை வேகவைத்தால் தண்ணீர் கிட்டத்தட்ட நிறமில்லாமலே இருக்கிறது. அதே கேரட்டைத் துருவி நெய்யில் வதக்கினால் நெய் ஆரஞ்சாகிவிடுகிறது. கேரட் அல்வா கிளறும்போது சட்டியின் ஓரத்தில் கசியும் நெய்யைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பீட்ரூட்டின் நிறம் தண்ணீரில் கரைவது. கேரட்டின் நிறம் கொழுப்பில் மட்டும் கரைவது. இந்த ஒரு குணம்தான் பின்னால் வரும் பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம்.

மஞ்சள் முதல் சிவப்பு வரை கொழுப்பில் கரையும் இந்த நிறமிகளின் பெரிய குடும்பத்துக்குக் கரோட்டினாய்டுகள் என்று பெயர். 1831-ல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கேரட்டிலிருந்து பிரித்தெடுத்த நிறமிக்குக் கேரட்டை வைத்தே கரோட்டின் என்று பெயரிட்டார். குடும்பத்துக்கும் அதுவே பெயராயிற்று. அதில் நமக்கு முக்கியமானது பீட்டா கரோட்டின்.

கீரைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். பச்சை இலை ஒவ்வொன்றிலும் பச்சையத்தை ஒட்டியே கரோட்டினாய்டுகள் இருக்கின்றன. சூரிய ஒளியைப் பிடிக்கப் பச்சையத்துக்கு உதவுவதும், அளவுக்கு மிஞ்சிய வெயிலால் இலை கருகாமல் காப்பதும் அவற்றின் வேலை. பச்சையம் அடர்ந்து நிற்பதால் ஆரஞ்சு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பொதுவாக இலை எவ்வளவு கரும்பச்சையோ அவ்வளவு கரோட்டினும் உள்ளே இருக்கும். இந்திய உணவுகளின் சத்து அட்டவணையின்படி 100 கிராம் முருங்கைக்கீரையில் சுமார் 17 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். அதே எடைக் கேரட்டில் 5 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதல். முட்டைக்கோஸின் வெளுத்த உள் இலையில் அநேகமாக ஒன்றுமில்லை.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். தக்காளியின் சிவப்பும் மிளகாய் வற்றலின் சிவப்பும் இதே குடும்பம்தான். இருந்தும் அந்தச் சிவப்பு நிறமிகள் உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறுவதில்லை. மாறுவதற்கு மூலக்கூறின் ஒரு முனையிலாவது குறிப்பிட்ட வடிவத்தில் ஒரு வளையம் வேண்டும். அது அவற்றில் இல்லை. மஞ்சள் தூளின் மஞ்சளோ இந்தக் குடும்பத்திலேயே சேராதது. எனவே செக்கச்செவேலென்று எண்ணெய் மிதக்கும் காரக்குழம்பால் கண்ணுக்கு ஆதாயம் இருக்கிறது என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

நடுவில் ஒரு வெட்டு

1919-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹாரி ஸ்டீன்பாக் மக்காச்சோளத்தை வைத்து எலிகளிடம் சோதனை செய்துகொண்டிருந்தார். மஞ்சள் மக்காச்சோளம் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன; வெள்ளை மக்காச்சோளம் தின்றவை நோயுற்றன. மஞ்சள் நிறமே அந்த மர்மமான ஊட்டச்சத்து என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆனால் அதே பலனைத் தந்த மீன் எண்ணெயிலும் ஈரலிலும் அந்த மஞ்சள் இல்லை. நிறமுள்ள ஒன்றும் நிறமற்ற ஒன்றும் எப்படி ஒரே வேலையைச் செய்யும்?

பத்தாண்டு கழித்து, கேம்பிரிட்ஜில் தாமஸ் மூர் இதை அவிழ்த்தார். ஈரலில் வைட்டமின் ஏ இருப்பு முழுக்கத் தீர்ந்துபோன எலிகளுக்குத் தூய கரோட்டினைக் கொடுத்து, பிறகு ஈரலைச் சோதித்துப் பார்த்தார். கொடுத்தது ஆரஞ்சு நிறப் பொருள்; ஈரலில் சேர்ந்திருந்தது நிறமற்ற வைட்டமின் ஏ. எலியின் உடம்பே ஒன்றை இன்னொன்றாக மாற்றியிருந்தது.

அந்த மாற்றம் மனிதர்களுக்குப் பெரும்பாலும் சிறுகுடலின் சுவரில் நடக்கிறது. பீட்டா கரோட்டின் 40 கார்பன் அணுக்கள் கொண்ட நீளமான சங்கிலி. இரு முனையிலும் ஒவ்வொரு வளையம். குடல் செல்லில் உள்ள ஒரு நொதி அதைச் சரியாக நடுவில் வெட்டுகிறது. கிடைக்கும் இரண்டு பாதிகளும் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தவை. அவற்றை உடம்பு ரெட்டினால் என்ற வடிவத்துக்கு மாற்றிக் கொழுப்போடு சேர்த்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. நன்றாகச் சாப்பிடும் ஒருவரின் கல்லீரலில் பல மாதங்களுக்குப் போதுமான இருப்பு இருக்கும்.

இந்த வெட்டும் வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உடம்பில் வைட்டமின் ஏ போதுமான அளவு இருந்தால், கரோட்டினை உள்ளே இழுப்பதையும் வெட்டுவதையும் குடல் செல்கள் குறைத்துவிடுகின்றன. வெட்டப்படாத கரோட்டின் அப்படியே ரத்தத்தில் கலந்து, கொழுப்பிலும் தோலின் மேலடுக்கிலும் தங்குகிறது. அந்த மேலடுக்கு மிகத் தடிப்பாக இருக்கும் இடம் உள்ளங்கையும் உள்ளங்காலும். அதனால் மஞ்சள் அங்கே முதலில் தெரிகிறது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் அப்படியொரு அடுக்கு இல்லை. ஈரலையோ வைட்டமின் மாத்திரையையோ அளவுக்கு மிஞ்சி எடுப்பவர் தப்ப முடியாத நஞ்சிலிருந்து, கேரட் தின்ற குழந்தை தப்பித்ததும் இந்தக் கட்டுப்பாட்டால்தான்.

ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு பிடி முருங்கைக்கீரை

இப்போது கணக்குக்கு வருவோம். ஐந்து வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 450 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆய்ந்த முருங்கைக்கீரை 40 கிராம் எடுத்துக்கொள்வோம். பச்சையாகப் பார்த்தால் ஒரு பெரிய பிடி. வதக்கினால் சுருங்கி, குழந்தை சாப்பிடக்கூடிய சில கரண்டிப் பொரியலாகிவிடும். அதில் சுமார் 7,000 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் இருக்கும். அடுப்பில் ஒரு பகுதி அழியும். இழப்பைத் தாராளமாகவே எடுத்துக்கொண்டால் 5,000 மிச்சம். தேவை 450 தானே, பத்து மடங்குக்கு மேல் இருக்கிறதே என்று தோன்றும்.

ஆனால் தட்டில் இருக்கும் கரோட்டினும் உடம்பில் சேரும் வைட்டமினும் இரண்டு நாட்டு நாணயங்கள் மாதிரி. இடையில் மாற்று விகிதம் இருக்கிறது. அந்த விகிதம் என்ன என்பதில்தான் விஞ்ஞானிகள் பல காலம் தடுமாறினார்கள். எண்ணெயில் கரைத்த தூய கரோட்டினாக இருந்தால் 2-க்கு 1. உணவிலுள்ள கரோட்டினுக்கு 6-க்கு 1 என்று நெடுங்காலம் வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் நம் ஒரு பிடி கீரை 830 மைக்ரோகிராம் தருகிறது. தேவையைப்போல இரண்டு மடங்கு கிட்டத்தட்ட. வாரத்துக்கு நான்கு நாள் கீரை கொடுத்தால் மாலைக்கண்ணே வராது என்ற நம்பிக்கை இப்படித்தான் பிறந்தது.

அந்த நம்பிக்கையை உலுக்கியது இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் நடந்த ஓர் ஆய்வு. 1995-ல் சாஸ்கியா டி பே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அதை வெளியிட்டார்கள். பாலூட்டும் தாய்மார்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினமும் எண்ணெயில் வதக்கிய கரும்பச்சைக் கீரை. இன்னொரு குழுவுக்கு அதே அளவு பீட்டா கரோட்டின் கலந்த வேஃபர் பிஸ்கட். மூன்றாவது குழுவுக்குக் கரோட்டின் சேர்க்காத பிஸ்கட். 12 வாரம் கழித்து ரத்தத்தைச் சோதித்தால், கரோட்டின் பிஸ்கட் சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் ஏ அளவு நன்றாக ஏறியிருந்தது. கீரை சாப்பிட்டவர்களுக்கு ஏறவே இல்லை.

கீரையில் கரோட்டின் இருந்தது, வயிற்றுக்குள்ளும் போனது. வெளியே வரவில்லை என்பதுதான் பிரச்சினை. இலையின் கரோட்டின், செல்லுக்குள்ளே பச்சையத்தைத் தாங்கும் நுண்ணிய சவ்வுகளில் புரதத்தோடு பின்னிக் கிடக்கிறது. அந்தச் செல்லைச் சுற்றி நம் குடலால் செரிக்க முடியாத நார்ச்சுவர். சுவர் உடையாவிட்டால் கரோட்டின் வந்தவழியே போய்விடும். கேரட்டிலும் இதே கதைதான். ஸ்வீடனில் ஒரு குழு மனிதச் செரிமானத்தைப் பாத்திரத்தில் நடத்திப் பார்த்தது. பச்சைக் கேரட் துண்டுகளிலிருந்து வெளிவந்த கரோட்டின் வெறும் 3 சதவீதம். அதே கேரட்டைக் கூழாக அரைத்தால் 21 சதவீதம். வேகவைத்து அரைத்தால் 27. அதோடு எண்ணெயும் சேர்த்தால் 39. டயட் இருப்பவர்கள் எண்ணெய் படாத கேரட் சாலட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை நினைத்துத் திருப்திப்படுவதில் அர்த்தம் குறைவு.

மேற்கு ஜாவா முடிவையும் அதன்பின் வந்த ஆய்வுகளையும் வைத்து, கீரைக்கு விகிதம் 26-க்கு 1 என்று கூடச் சிலர் கணக்கிட்டார்கள். அப்படியானால் நம் குழந்தைக்குக் கிடைப்பது 190 மைக்ரோகிராம்தான். 2001-ல் அமெரிக்க மருத்துவக் கழகம் கலப்பு உணவுக்கு 12-க்கு 1 என்று வகுத்தது. இன்று பரவலாகப் பயன்படுவது அதுதான். அதன்படி நம் ஒரு பிடி கீரையில் சுமார் 415 மைக்ரோகிராம். ஒரு நாள் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல்.

அதே கீரை, அதே குழந்தை. விகிதத்தைப் பொறுத்து 190, 415, 830. எது உண்மை? சமையலைப் பொறுத்தது என்பதற்கு வங்கதேசத்திலிருந்து ஒரு சான்று இருக்கிறது. 2004-ல் வெளியான ஆய்வில், அங்குள்ள ஆண்களுக்கு 60 நாள் கொடிப்பசலைக் கீரையை வேகவைத்துக் கூழாக மசித்து, கொழுப்போடு கொடுத்தார்கள். ரத்தத்தில் உள்ளதை மட்டும் பார்க்காமல், கல்லீரல் இருப்பு உட்பட உடம்பின் மொத்த வைட்டமின் ஏ எவ்வளவு கூடியது என்று அளந்தார்கள். கூடியிருந்தது. விகிதம் சுமார் 10-க்கு 1. ஆரஞ்சு சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு 13-க்கு 1.

வேகவைத்து மசித்த பசலை என்றால் நம் ஊரில் கீரைக் கடைசல். மத்தால் கடைந்து, நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டும் வழக்கம் இந்தக் கணக்குக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. எண்ணெயும் நிறைய வேண்டியதில்லை. ஒருவேளைச் சாப்பாட்டில் 3 முதல் 5 கிராம் கொழுப்பு, அதாவது ஒரு டீஸ்பூன், போதும். முருங்கைக்கீரையைக் கடைவது சிரமம் என்பதால் பொடியாக நறுக்கித் துவரம் பருப்போடு நன்றாக வேகவிடுவது அடுத்த நல்ல வழி. கவனிக்க வேண்டியது ஒன்று: கீரையை மொட்டை வெயிலில் உலர்த்திப் பொடி செய்தால் கரோட்டின் வெளிச்சத்தில் சிதைந்துபோகும். நிழலில் உலர்ந்த பொடி பச்சையாக இருக்கும். வெயிலில் காய்ந்தது பழுப்பேறியிருக்கும். அந்த நிற வித்தியாசத்தைக் கடையில் வாங்கும்போதே பார்க்கலாம்.

குடலில் உருளைப்புழு இருந்தால் எண்ணெய் ஊற்றியும் பலன் குறையும். எண்ணெய் அரிதாகவே கிடைக்கும் வீட்டுக் குழந்தைக்குத்தான் பெரும்பாலும் வயிற்றில் புழுவும் இருக்கும், அடிக்கடி வயிற்றுப்போக்கும் வரும். மரம் கொல்லையில் நின்றும் மாலைக்கண் வந்ததற்கு இவையெல்லாம் சேர்ந்த காரணம். அதோடு, அந்தக் காலத்தில் பல வீடுகளில் கீரை சின்னக் குழந்தைக்கு மாந்தம் பண்ணும் என்று ஊட்டாமலே விட்டுவிடுவார்கள்.

செல்சுவர் என்ற தடையே இல்லாத கரோட்டினும் உண்டு. குன்னூரின் ஊட்டச்சத்து ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கிய அய்க்ராய்டும், சென்னை அரசு கண் மருத்துவமனையின் ரைட்டும், வைட்டமின் குறைவால் கண் பாதிக்கப்பட்டவர்களுக்குச் செம்பனை எண்ணெயைக் கொடுத்துச் சிகிச்சை செய்ததை 1937-ல் எழுதினார்கள். சுத்திகரிக்காத செம்பனை எண்ணெயில் கரோட்டின் ஏற்கெனவே எண்ணெயில் கரைந்தே இருக்கிறது. இன்று கடைகளில் விற்கும் பாமாயில் அதேதான் என்றாலும், நிறம் நீக்கும்போது கரோட்டினையும் நீக்கிவிடுகிறார்கள்.

இருட்டில் என்ன நடக்கிறது

வெயிலிலிருந்து சினிமா தியேட்டருக்குள் நுழைந்தால் முதலில் இருக்கை வரிசைகூடத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பிக்கும். முழுக்கப் பழக அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியில் கண்ணுக்குள் நடப்பதுதான் வைட்டமின் ஏ-யின் வேலை.

விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்கென்றே இருக்கும் செல்களுக்குக் குச்சிச் செல்கள் என்று பெயர். அவற்றில் ரொடாப்சின் என்ற பொருள் அடுக்கடுக்காக இருக்கிறது. ஒரு புரதமும், அதன் மடியில் வளைந்து உட்கார்ந்திருக்கும் ஒரு வைட்டமின் ஏ துணுக்கும் சேர்ந்ததே ரொடாப்சின். ஒளி வந்து விழுந்ததும் வளைந்திருந்த துணுக்கு நிமிர்கிறது. அது நிமிர்வதால் புரதத்தின் உருவம் மாறி, நரம்புக்குச் சேதி போகிறது. நாம் பார்க்கிறோம். நிமிர்ந்த துணுக்கு புரதத்தை விட்டு வெளியேறி, விழித்திரைக்குப் பின்னால் உள்ள அடுக்குக்குப் போய், மறுபடி வளைக்கப்பட்டுத் திரும்பி வர வேண்டும். பளீரென்ற வெயிலில் இருந்தவரின் ரொடாப்சின் பெரும்பகுதி கலைந்திருக்கும். இருட்டில் அது மீண்டும் சேர நேரம் பிடிக்கிறது. ஜார்ஜ் வால்ட் என்ற அமெரிக்கர் 1933-ல் விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டுபிடித்து, இந்தச் சுழற்சியைப் படிப்படியாக விளக்கினார். 1967-ல் நோபல் பரிசு பெற்றார்.

சுழற்சியில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வீணாகும். கல்லீரல் இருப்பு தீர்ந்துபோனவருக்கு அதை நிரப்ப வழியில்லை. பகலில் ஓடி விளையாடும் பிள்ளை, விளக்கு வைக்கும் நேரத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும். தட்டில் உள்ள சோற்றைக் கையால் தேடும். மாலைக்கண்ணைத் தாய்தான் முதலில் கண்டுபிடிப்பார். இன்றும் கள ஆய்வுக்குப் போகிறவர்கள் கருவியை எடுக்கும் முன் தாயிடம்தான் கேட்கிறார்கள்.

கிட்டப்பார்வைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் விழிக்கோளம் நீண்டுவிட்டதால் வருவது. எத்தனை கிலோ கேரட் தின்றாலும் கோளம் சுருங்காது, கண்ணாடி கழலாது. கேரட்டால் கூர்மையான பார்வை கிடைக்கும் என்ற பேச்சைப் பரப்பியதில் இரண்டாம் உலகப்போர்ப் பிரிட்டனுக்குப் பங்குண்டு. ஜான் கன்னிங்ஹாம் போன்ற விமானிகள் இரவில் ஜெர்மன் விமானங்களைச் சுட்டு வீழ்த்தியதற்குக் காரணம் அவர்களின் விமானத்தில் இருந்த ரேடார். அதை வெளியே சொல்லாமல், விமானிகள் கேரட் சாப்பிடுகிறார்கள் என்று பத்திரிகைகளில் எழுதவைத்தார்கள். நாட்டில் கேரட் விளைச்சலும் அப்போது அமோகம். ஜெர்மானியர்கள் நம்பினார்களோ இல்லையோ, உலகம் முழுக்க அம்மாக்கள் நம்பிவிட்டார்கள்.

வறளும் தோல், வறளும் கண்

கண்ணில் வைட்டமின் ஏ-க்கு இன்னொரு வேலை இருக்கிறது. அது தோலிலும் அதே வேலை. உடம்பின் மேற்பரப்புகளில் புதிது புதிதாகப் பிறக்கும் செல்கள் எந்த வகையாக வளர வேண்டும் என்று ஆணையிடும் மரபணுக்களை, வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ஓர் அமிலம் இயக்குகிறது. அது கிடைக்காதபோது, ஈரமாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டிய பரப்புகள் உலர்ந்து, தோல் மாதிரித் தடித்துவிடுகின்றன. வெள்ளை விழியின் பளபளப்பு போகிறது. கருவிழிக்குப் பக்கவாட்டில் சோப்பு நுரை காய்ந்தது போன்ற சாம்பல் திட்டு வருகிறது; அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் பிட்டோ திட்டு என்பார்கள். இதுவரை வந்தாலும் மீட்டுவிடலாம். அடுத்து கருவிழிப்படலமே வறண்டு, மெழுகு போலக் குழைந்து உடைந்துவிட்டால் பார்வை திரும்பாது. குறைவுள்ள குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் இந்தக் கடைசிக் கட்டம் சில நாட்களிலேயே வந்துவிடும்.

தோலில் அறிகுறி முழங்கையிலும் முழங்காலிலும் தொடையிலும் வரும். ஒவ்வொரு மயிர்க்காலும் அடைபட்டு முள் முள்ளாக நிற்கும். கையால் தடவினால் துருவியைத் தடவியது போல் சொரசொரக்கும். இலங்கையில் பணியாற்றிய மருத்துவர் லூசியஸ் நிக்கோல்ஸ் 1933-ல் இதற்குத் தேரைத் தோல் என்ற பொருளில் பெயர் வைத்தார். பல ஆண்டுகள் இது வைட்டமின் ஏ குறைவின் நிச்சய அடையாளம் என்றே கருதப்பட்டது. பின்னால் பார்த்தால், வைட்டமின் ஏ கொடுத்தும் பலருக்கு அது போகவில்லை. அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்கள் உள்ள எண்ணெய்களும் பி வைட்டமின்களும் கொடுத்தபோது போயிற்று. எனவே முள் தோல் இருந்தால் மொத்தத்தில் உணவு போதவில்லை என்று எடுத்துக்கொள்வதே சரி. கண்ணையும் பார்க்காமல் வைட்டமின் ஏ மேல் பழிபோட முடியாது.

குறைவு இல்லாதவருக்குக் கூடுதல் கரோட்டின் தோலில் என்ன செய்யும்? நிறத்தில் லேசான மஞ்சள் கூடும். பல வாரம் தொடர்ந்து எடுத்தால் வெயிலில் சிவப்பதைக் கொஞ்சம் குறைக்கும் என்று ஜெர்மன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சன்ஸ்கிரீனுக்கு அது ஈடாகாது. முகப்பருவுக்கும் சுருக்கத்துக்கும் தரும் மருந்துகள் வைட்டமின் ஏ-யின் உறவினர்கள் என்பது உண்மை. ஆனால் அவை மருந்து அளவுகள், கீரையால் எட்ட முடியாதவை. கடுமையான முகப்பருவுக்குத் தரும் மாத்திரையைக் கர்ப்பிணி எடுத்தால் கருவின் உருவமே கெடும். அதிக அளவு வைட்டமின் ஏ மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. கீரைக்கும் கேரட்டுக்கும் அந்த அபாயம் இல்லை. குடல்சுவரின் கட்டுப்பாடு அங்கே காவலுக்கு நிற்கிறது.

திருச்சியில் வாரம் ஒரு சொட்டு

மேற்பரப்பு என்றால் கண்ணும் தோலும் மட்டுமல்ல. மூச்சுக்குழாயும் குடலும் கூட உள்பக்க மேற்பரப்புகள்தான். அவை வறண்டால் கிருமிக்கு வழி திறக்கும். வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகள் கண்ணை மட்டுமல்ல, உயிரையே இழக்கிறார்களா என்ற கேள்வியை 1980-களில் இந்தோனேசியாவில் ஆல்ஃபிரட் சோமர் எழுப்பினார். அதற்கு வந்த மிகத் தெளிவான பதில்களில் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து வந்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் சுமார் 15,400 சின்னக் குழந்தைகளிடம் ஓராண்டு ஆய்வு நடத்தினார்கள். ஊர்த் தன்னார்வலர்கள் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு அதில் வைட்டமின் ஏ இருந்தது, மறுபாதிக்கு இல்லை. 1990-ல் முடிவு வெளியானபோது, வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைவாக இருந்தது.

அந்த வாராந்தர அளவு சுமார் 2,500 மைக்ரோகிராம். ஏழால் வகுத்தால் நாளொன்றுக்கு 357. முன்னால் நாம் போட்ட கணக்கில், சரியாகச் சமைத்த ஒரு பிடி முருங்கைக்கீரை தருவது 415. உணவாலேயே எட்டக்கூடிய ஒரு அளவைத்தான் அவர்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

எல்லா இடத்திலும் பலன் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-ல் வெளியானபோது, இறப்பில் 4 சதவீதமே குறைவு. அதுகூட தற்செயலாக இருக்கலாம் என்றார்கள். மருந்து உண்மையில் எத்தனை குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு தரப்பு கேட்டது. குறைவும் அம்மையும் முன்பைப்போல இல்லாத ஊரில் பலன் குறையத்தானே செய்யும் என்றது இன்னொரு தரப்பு. ஒன்பதாவது மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை தரும் அரசின் சொட்டு மருந்து இன்றும் தொடர்கிறது. எந்த மாவட்டத்துக்கு அது இன்னும் தேவை என்ற விவாதமும் தொடர்கிறது.

மாத்திரையாக வந்த கரோட்டின்

கரோட்டின் நிறைந்த காய்களைச் சாப்பிடுவோருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல கணக்கெடுப்புகள் காட்டின. அப்படியானால் கரோட்டினை மாத்திரையாகக் கொடுக்கலாமே என்று பின்லாந்தில் 29,000 ஆண் புகைப்பிடிப்பாளர்களிடம் சோதித்தார்கள். தினம் 20 மில்லிகிராம். 1994-ல் வந்த முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையும் அதே திசையைக் காட்ட, அதைப் பாதியில் நிறுத்தினார்கள்.

கண் மருத்துவத்துக்கும் இதனால் ஒரு நெருக்கடி வந்தது. முதியவர்களின் விழித்திரை நடுவில் உள்ள மஞ்சள் புள்ளி சிதையும் நோய்க்குப் பின்னாளில் பரிந்துரைத்த கூட்டு மாத்திரையில் பீட்டா கரோட்டின் இருந்தது. அந்த இடத்துக்கு மஞ்சள் நிறம் தருவதோ வேறு இரண்டு கரோட்டினாய்டுகள்: லூட்டின், ஸியாஸாந்தின். இவை வைட்டமின் ஏ-யாக மாறுவதில்லை. நீல ஒளியை வடிகட்டிக்கொண்டு மஞ்சள் புள்ளியிலேயே தங்குகின்றன. நம் உடம்பால் செய்துகொள்ள முடியாத இவை கரும்பச்சைக் கீரையில் தாராளமாக இருக்கின்றன. முட்டை மஞ்சள்கருவிலும் உண்டு, அதிலிருந்து எளிதாக உடம்பில் சேரும். 2013-ல் வெளியான அமெரிக்கச் சோதனைக்குப் பிறகு மாத்திரையில் பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டின் 10 மில்லிகிராமும் ஸியாஸாந்தின் 2 மில்லிகிராமும் சேர்க்கப்பட்டன. நோய் நடுத்தரக் கட்டத்தை எட்டியவர்களுக்கு அது முற்றுவதைத் தாமதப்படுத்தத்தான் இந்த மாத்திரை; நோயே இல்லாதவர் இதை விழுங்கினால் வராமல் தடுக்கும் என்பதற்கு அந்தச் சோதனையில் ஆதாரம் கிடையாது. மருந்துக் கடையில் வாங்குவோர், குறிப்பாகப் புகைப்பிடிப்பவர்கள், பட்டியலில் பீட்டா கரோட்டின் என்ற பழைய பெயர் இன்னும் இருக்கிறதா என்று பின்புறத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.